கோப்புதான் அசல், காகிதம் நகல்: கல்லூரிச் சேர்க்கைக்கு டிஜிலாக்கரைத் தயார் செய்வது எப்படி

சேர்க்கைக் காலத்தில் ஒருநாள் ஒரு மாணவி என் மேசைக்கு முன்னால் வந்து, கையில் ஒரு காகிதம்கூட இல்லாமல் செல்போனை மட்டும் நீட்டினாள். "எல்லாமே டிஜிலாக்கர்ல இருக்கு சார்." வாங்கிப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒன்றைத் தொட்டுத் திறந்தேன். பூப்போட்ட மேசை விரிப்பின் மேல் வைத்து எடுத்த போட்டோ அது. வலது ஓரத்தில் ஒரு கட்டைவிரல் தெரிந்தது.

"இதை நீயே ஏத்துனதாம்மா?"

"இல்ல சார், பிரவுசிங் சென்டர் அண்ணா ஏத்திக் கொடுத்தார்."

அவள் செய்ததில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்த போட்டோக்களை வைத்துக்கொண்டு என்னால் எதையும் சரிபார்க்க முடியாது. பெட்டி அரசாங்கத்துடையது என்பதால் உள்ளே வைத்த போட்டோ அரசாங்க ஆவணமாகிவிடாது. ஒரு கல்லூரியில் சான்றிதழ் பார்க்கும் மேசையில் சில ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். இங்கே மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் இரண்டுதான்: எது உண்மையான மின்சான்றிதழ் என்று தெரியாதது, அது கையில் இருந்தும் தெரியாமல் அதைக் கெடுத்துவிடுவது. முதல்முறையாகச் சேர்க்கைக்குப் போகிறவர்கள் இந்த இரண்டிலும் மாட்டாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் படித்து, இங்கேயே பொறியியல் அல்லது கலை அறிவியல் கல்லூரியில் சேரும் மாணவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

இரண்டு அறைகள்

டிஜிலாக்கர் மத்திய அரசின் ஆவணப் பெட்டகம். 2015 ஜூலையில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. உள்ளே இரண்டு அறைகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று Issued Documents. சான்றிதழைக் கொடுத்த துறையின் சர்வரிலிருந்தே நேராக வந்து சேர்வது இதில் இருக்கும். இன்னொன்று Drive. நீங்களாக ஸ்கேன் செய்து போட்டுவைப்பது இதில் இருக்கும். இந்த இரண்டாவது அறை வெறும் சேமிப்பிடம்தான். பென்டிரைவில் வைப்பதற்கும் இதற்கும் சட்டப்படி வித்தியாசம் கிடையாது.

முதல் அறைக்கு மட்டும் சட்டத்தின் பலம் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2016-இல் டிஜிட்டல் லாக்கருக்கான விதிகள் வந்தன. 2017 பிப்ரவரியில் அவற்றில் 9A என்ற விதியைச் சேர்த்தார்கள். துறை நேரடியாக வழங்கிய மின் ஆவணம் காகித அசலுக்குச் சமம் என்பதுதான் அதன் சாரம். சேர்க்கை மேசையில் "இது அசலா?" என்று யாராவது கேட்டால், ஆவணம் எந்த அறையில் இருக்கிறது என்பதுதான் பதில்.

அந்த மாணவியின் பெட்டகத்தில் முதல் அறை காலியாக இருந்தது. அங்கேயே உட்கார வைத்து முயன்று பார்த்தோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த சிக்கலைப் பின்னால் சொல்கிறேன்.

கணக்கு தொடங்கும்போது

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. digilocker.gov.in தளத்தில் அல்லது செயலியில் பெயர், பிறந்த தேதி, செல்போன் எண், ஆதார் எண் கொடுத்து, வரும் ஓ.டி.பி.யைப் போட்டு, 6 இலக்கப் பாதுகாப்புப் பின் ஒன்றை அமைத்தால் வேலை முடிந்தது. கவனம் வேண்டிய இடம் செல்போன் எண்தான்.

ஆதார் சரிபார்ப்புக்கான ஓ.டி.பி. ஆதாரோடு இணைத்த எண்ணுக்குத்தான் போகும். பள்ளிப் பிள்ளைகளின் ஆதாரில் பெரும்பாலும் அப்பாவின் எண் இருக்கும். அப்பா திருப்பூரிலோ துபாயிலோ வேலையில் இருப்பார், ஓ.டி.பி. காலாவதியாகும் வரை போனை எடுக்க மாட்டார். சில வீடுகளில் அந்த எண்ணே இப்போது பயன்பாட்டில் இருக்காது. கவுன்சிலிங் தொடங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் தலைவலிதான். தேர்வு முடிந்து முடிவு வருவதற்கு இடையில் சும்மா இருக்கும் அந்த ஒரு மாதத்திலேயே ஆதார் சேவை மையத்துக்குப் போய், எப்போதும் கையில் இருக்கும் எண் ஒன்றை இணைத்துவிடுங்கள்.

பிரவுசிங் சென்டரில் கணக்கு தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சில கடைகளில் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கடைக்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டுவிடுவார், பின் எண்ணையும் அவரே ஏதாவது வைத்துவிடுவார். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஆனால் அடுத்த ஆண்டு உதவித்தொகைக்கு அதே கணக்கு தேவைப்படும்போது அந்தக் கடையே இருக்காது. பின் எண்ணை நீங்களே தட்டுங்கள், முடிந்ததும் வெளியேறிவிட்டு எழுந்திருங்கள்.

மதிப்பெண் சான்றிதழ், அப்புறம் இனிஷியல்

மதிப்பெண் சான்றிதழை எடுக்க, தேடல் பகுதியில் மாநிலத்தைத் தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்துப் பள்ளித் தேர்வு வாரியத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வாரியத்தின் பெயர் ஆங்கிலத்தில் நீளமாக இருக்கும். State Board of School Examinations என்று தொடங்கும். பத்தாம் வகுப்பா, பன்னிரண்டாம் வகுப்பா என்று சொல்லி, பதிவெண்ணையும் தேர்வு எழுதிய ஆண்டையும், திரை வேறு எதையாவது கேட்டால் அதையும் கொடுக்க வேண்டும். கேட்பவை பெரும்பாலும் சான்றிதழிலேயே அச்சாகியிருப்பவைதான்.

சி.பி.எஸ்.இ. மாணவர்களுக்கு வழி கொஞ்சம் வேறு. பள்ளி வழியாக 6 இலக்க எண் ஒன்று கொடுப்பார்கள், அதை வைத்துத்தான் கணக்கை உறுதி செய்ய வேண்டும். அந்த எண் கிடைக்கவில்லை என்றால் டிஜிலாக்கரோடு மல்லுக்கட்ட வேண்டாம், நேராகப் பள்ளி அலுவலகத்துக்குப் போங்கள்.

இப்போது அந்த மாணவியின் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்கு வருவோம். அவளைக் காவியா என்று வைத்துக்கொள்வோம். பதிவெண் சரி, ஆண்டு சரி. ஆனாலும் விவரம் பொருந்தவில்லை என்ற பொருளில் திரும்பத் திரும்ப ஒரு செய்தி வந்தது. எண்ணைத்தான் தப்பாக அடிக்கிறோம் என்று நினைத்து நாலு முறை அடித்தாள். தப்பு எண்ணில் இல்லை.

டிஜிலாக்கருக்கு உங்கள் பெயர் ஆதாரிலிருந்து வருகிறது. சான்றிதழைக் கேட்கும்போது அந்தப் பெயரும் சேர்ந்து வாரியத்துக்குப் போகும். வாரியம் தன்னிடம் உள்ள பெயரோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆவணத்தை விடும். காவியாவின் நிலைமை இப்படி இருந்தது:

பத்தாம் வகுப்புச் சான்றிதழில்: `KAVIYA SELVARAJ`
பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழில்: `KAVIYA S`
ஆதாரில்: `Kaviya Selvaraj`

பத்தாவது முடித்ததும் பள்ளி மாறியிருக்கிறாள். புதுப் பள்ளியில் யாரோ வழக்கப்படி இனிஷியலாகப் பதிந்துவிட்டார்கள். நமக்கு எஸ்.காவியா, காவியா எஸ், காவியா செல்வராஜ் மூன்றும் ஒரே பெண்தான். கணினிக்கு மூன்று பேர். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் மாதிரி பின்னால் போடும் ஆதார் படிவமும், இனிஷியலிலேயே வாழும் நம் பள்ளிப் பதிவேடும் சந்திக்கும் இடத்தில்தான் இந்தத் தகராறு முளைக்கிறது. என் மேசையில் 'டிஜிலாக்கர் வேலை செய்யவில்லை' என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குமேல் உண்மையில் இனிஷியல் பிரச்சினைதான் என்று தோன்றுகிறது.

சரி, எதை மாற்றுவது? மதிப்பெண் சான்றிதழில் பெயர் திருத்த வேண்டுமென்றால் பள்ளித் தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போக வேண்டும். சேர்க்கைக் காலத்துக்குள் அது முடியும் என்று நம்பி இருக்க முடியாது. ஆதாரைத் திருத்துவது ஒப்பீட்டில் சுலபம், ஆனால் அதற்கும் வரம்பு உண்டு. பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை 1 முறைதான். அதனால் அவசரத்தில் ஆதாரை இனிஷியலுக்கு மாற்றிவிட்டு, பாஸ்போர்ட் எடுக்கும்போது மறுபடி விரிவாக்க ஓடாதீர்கள்.

காவியாவுக்கு நான் சொன்னது இதுதான்: ஆதாரைத் தொடாதே. அது பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு பொருந்துகிறது. பிறந்த தேதிக்கும் பெயருக்கும் எல்லா இடத்திலும் கேட்பது பத்தாம் வகுப்பைத்தான். பன்னிரண்டாம் வகுப்புக்குக் காகிதச் சான்றிதழையே கொண்டு வா. பொறியியல் கவுன்சிலிங்கில் மாநிலப் பாடத்திட்ட மாணவர்களின் மதிப்பெண் பதிவெண்ணை வைத்து வாரியத்திடமிருந்தே நேராக எடுக்கப்படுகிறது. டிஜிலாக்கரில் வராததால் அவளுடைய தரவரிசைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பெயர்த் திருத்தத்துக்குப் பள்ளியில் ஒரு விண்ணப்பம் மட்டும் கொடுத்துவைக்கச் சொன்னேன். அது மெதுவாக நடக்கட்டும்.

இதுவே தலைகீழாக, இரண்டு மதிப்பெண் சான்றிதழ்களும் ஒரே மாதிரி இருந்து ஆதார் மட்டும் வேறாக இருந்தால் ஆதாரைத்தான் திருத்த வேண்டும். திருத்திய பிறகு டிஜிலாக்கர் சுயவிவரத்திலும் ஆதார் விவரத்தைப் புதுப்பித்துவிட்டு முயலுங்கள். புதுப்பிக்காமல் பழைய பெயரோடு தேடிவிட்டு 'திருத்தியும் வரவில்லை' என்று வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, தேர்வு முடிவு வரும் நாளில் டிஜிலாக்கரில் தெரிவது வேறு, பின்னால் வரும் மதிப்பெண் சான்றிதழ் வேறு. மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பித்து மதிப்பெண் மாறியிருந்தால், முன்பு பதிவிறக்கி போனில் வைத்திருக்கும் பிடிஎஃப் தானாக மாறாது. மறுபடி ஒருமுறை எடுங்கள். மதிப்பெண் கூடியும் பழைய கோப்பை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்த பையன் ஒருவன் எங்களிடமே வந்தான்.

வருவாய்த் துறைச் சான்றிதழ்கள்

சாதி, வருமானம், இருப்பிடம், முதல் தலைமுறைப் பட்டதாரி ஆகிய நான்கும் இ-சேவை வழியாக வருபவை. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஏறி, உரிய அதிகாரி ஒப்புதல் கொடுத்ததும் மின்கையொப்பத்தோடு பிடிஎஃப் ஆக வெளிவரும். இ-சேவை மையத்தில் விண்ணப்பக் கட்டணம் 60 ரூபாய். கோப்பு ஒப்புதலானதும் குறுஞ்செய்தி வரும்.

இதில் முதல் குழப்பம் ஒப்புகைச் சீட்டு. விண்ணப்பித்த அன்று கையில் கொடுக்கும் சீட்டிலும் அரசு முத்திரை, எண், உங்கள் பெயர் எல்லாம் இருக்கும். அதைச் சான்றிதழ் என்று நினைத்து ஏற்றிவிடுகிறவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். அடையாளம் எளிது. சான்றிதழில் அதிகாரியின் மின்கையொப்பக் கட்டமும் கியூஆர் குறியீடும் இருக்கும். சீட்டில் விண்ணப்ப விவரம் மட்டும்தான் இருக்கும்.

இரண்டாவது, பழைய சாதி அட்டை. பச்சை மையில் தாசில்தார் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், மேலே லேமினேஷன் போட்டது. அது செல்லாது என்று சொல்லவில்லை. ஆனால் இணையத்தில் சரிபார்க்க அதில் ஒரு பிடிமானமும் இல்லை. மேசையில் இருப்பவர் கண்ணால் பார்த்து நம்ப வேண்டியதுதான். மின்சான்றிதழாக மாற்றி வாங்கிவிட்டால் தம்பி தங்கைகளுக்கும் அப்பாவின் ஆவணத்தைக் காட்டி வாங்குவது சுலபமாகும். வருமானச் சான்றிதழுக்கு ஓராண்டுதான் ஆயுள். அண்ணன் சேர்ந்தபோது வாங்கியதைக் கொண்டுவராதீர்கள்.

முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை கேட்பவர்களுக்கு மின்சான்றிதழ் மட்டும் போதாது. மாணவரும் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவமும் வேண்டும். அது காகிதத்தில் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்வது. எல்லாம் மின்மயம் என்று நினைத்து இதை விட்டுவிட்டு, கடைசி நாளில் ஊரில் இருக்கும் அம்மாவின் கையெழுத்துக்காகப் பேருந்து ஏறியவர்கள் உண்டு.

கெடுக்காமல் ஏற்றுவது

இனிமேல் சொல்வதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமான பகுதி. நல்ல சான்றிதழ் கையில் இருக்கிறது. அதை எப்படி வீணாக்குகிறோம் என்று பாருங்கள்.

மின்கையொப்பம் என்பது பக்கத்தில் தெரியும் அந்தக் கட்டம் அல்ல. கோப்பின் ஒவ்வொரு எழுத்தையும் கணக்கில் எடுத்து, அதிகாரியின் ரகசியச் சாவியால் போட்ட பூட்டு அது. கோப்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் பூட்டு உடைந்ததாகக் காட்டும். கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றினாலோ பூட்டே காணாமல் போய்விடும். கட்டத்தின் படம் மட்டும் மிஞ்சும்.

இப்போது ஒரு மாணவர் வழக்கமாகச் செய்வதை யோசியுங்கள். இணையப் படிவம் 1 எம்.பி.க்குள் கோப்பு கேட்கிறது. அவர் சான்றிதழைப் பிரிண்ட் எடுக்கிறார், போனில் போட்டோ பிடிக்கிறார், ஸ்கேனர் செயலியில் பிடிஎஃப் ஆக்குகிறார், அது 3 எம்.பி. வருகிறது, ஏதோ ஓர் இணையதளத்தில் போட்டுச் சுருக்குகிறார், எழுத்து மங்கிப்போய் கியூஆர் கட்டம் கலங்கிவிடுகிறது, அதை ஏற்றுகிறார். முதலில் வந்த கோப்பைத் தொடாமல் இருந்திருந்தால் அதுவே பெரும்பாலும் 1 எம்.பி.க்குக் குறைவாகத்தான் இருந்திருக்கும்! அத்தனை உழைப்பும் ஒரு அசலை ஜெராக்ஸ் ஆக்குவதற்குப் போனது.

எனவே டிஜிலாக்கரிலிருந்தோ இ-சேவைத் தளத்திலிருந்தோ பதிவிறக்கிய கோப்பை அப்படியே ஏற்றுங்கள். பெயர் மாற்றி `community_kaviya.pdf` என்று வைப்பதால் ஒன்றும் ஆகாது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். போட்டோவாக, ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பினால் போச்சு. நாலு சான்றிதழையும் ஒன்றாக ஒட்டி ஒரே பிடிஎஃப் ஆக்குவது, திறந்து மறுபடி பிடிஎஃப் ஆகப் பிரிண்ட் செய்வது இரண்டும் கையொப்பத்தைக் கொன்றுவிடும். படிவமே எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கேட்டால் ஒட்டித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் தனித்தனி அசல் கோப்புகளைப் பத்திரமாக வைத்திருந்து, நேரில் கேட்கும்போது காட்டுங்கள்.

ஆதாருக்கு மட்டும் ஒரு கூடுதல் பூட்டு உண்டு. ஆதார் தளத்திலிருந்து பதிவிறக்கும் பிடிஎஃப் கடவுச்சொல் கேட்கும். பெயரின் முதல் 4 எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த ஆண்டு. காவியா 2008-இல் பிறந்தவள் என்றால் `KAVI2008`. இங்கேயும் இனிஷியல் விளையாடும். ஆதாரில் பெயர் `P.Kumar` என்று இருந்தால் புள்ளியும் கணக்கு. `P.KU` என்று தொடங்க வேண்டும். இந்தப் பூட்டோடு ஏற்றினால் சரிபார்ப்பவர் திறக்க முடியாமல் திருப்பி அனுப்பிவிடுவார். பூட்டைக் கழற்ற மறுபடி பிரிண்ட் செய்தால் கையொப்பம் போய்விடும். சுலபமான வழி, டிஜிலாக்கருக்குள் இருக்கும் ஆதாரை எடுப்பது. அதற்குக் கடவுச்சொல் கிடையாது. முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்டிருக்கும் என்பதால் ஊரெல்லாம் கொடுப்பதற்கும் அதுதான் நல்லது.

சில சேர்க்கைத் தளங்களில் கோப்பை ஏற்றவே வேண்டாம். டிஜிலாக்கரிலிருந்து எடுத்துக்கொள் என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் டிஜிலாக்கரின் பக்கம் திறந்து, எந்தெந்த ஆவணத்தைக் கொடுக்கச் சம்மதம் என்று கேட்கும். எல்லா இடத்திலும் டிக் போடாமல், கேட்ட சான்றிதழுக்கு மட்டும் சம்மதம் கொடுங்கள். இந்த வழி இருந்தால் இதையே பயன்படுத்துங்கள். கோப்பு உங்கள் கை படாமல் போவதால் கெடுக்க வாய்ப்பே இல்லை.

மேசைக்கு இந்தப் பக்கம்

நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று தெரிந்தால், வீட்டிலேயே நீங்கள் ஒருமுறை பார்த்துவிடலாம். கணினியில் அடோபி ரீடர் இருந்தால் போதும். போனில் திறந்தாலோ பிரவுசரில் திறந்தாலோ பெரும்பாலும் கையொப்பம் சோதிக்கப்படாது.

கோப்பைத் திறந்ததும் மேலே ஒரு பட்டை வரும். மஞ்சள் கேள்விக்குறியோடு கையொப்பத்தில் சிக்கல் என்று காட்டினால் பயப்பட வேண்டாம். கட்டத்தின் மேலேயே Signature Not Verified என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் போலிச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள் என்று இ-சேவை மையத்தில் சண்டை போட்ட அப்பா ஒருவரை எனக்குத் தெரியும். அதற்குப் பொருள், கையொப்பம் இட்டவரை இந்தக் கணினி இன்னும் அறிந்துகொள்ளவில்லை என்பது மட்டும்தான். கையொப்பக் கட்டத்தின் மேல் வலது கிளிக் செய்து இந்த வரிசையில் போங்கள்:

```
Show Signature Properties
Show Signer's Certificate
Trust
Add to Trusted Certificates
Validate Signature
```

Show Signer's Certificate அழுத்தியதும், கையொப்பத்துக்கு யார் யார் உத்தரவாதம் என்று காட்டும் சங்கிலி ஒன்று தெரியும். அதன் உச்சியில் CCA India என்று இருக்க வேண்டும். இந்தியாவில் மின்கையொப்பங்களுக்கெல்லாம் வேர் அதுதான். அது இருப்பதைப் பார்த்த பிறகே நம்பகப் பட்டியலில் சேருங்கள். எதையும் பார்க்காமல் சேர்த்தால் போலிக் கையொப்பமும் பச்சையாகிவிடும். சரியாகச் செய்து முடித்ததும் பச்சை டிக் வரும்.

சிவப்புப் பெருக்கல் குறி வந்தால் விஷயம் வேறு. கையொப்பம் போட்ட பிறகு கோப்பு மாறியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் மோசடி இருக்காது, சுருக்கும் தளங்களின் வேலையாக இருக்கும். புதிதாகப் பதிவிறக்கினால் சரியாகிவிடும். கையொப்பப் பட்டையே வரவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம் என்று முடிவு செய்துகொள்வோம். பக்கத்தில் பச்சை டிக் அழகாகத் தெரிந்தாலும் சரி. டிக்கைப் படமாக யார் வேண்டுமானாலும் வரையலாம். ரீடர் போடும் பட்டையைத்தான் நம்புவோம்.

அடுத்தது கியூஆர். ஸ்கேன் செய்ததும் சான்றிதழ் விவரத்தோடு ஒரு பக்கம் திறக்கும். அந்தப் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் நாங்கள் பார்ப்பது மேலே இருக்கும் முகவரியை. tn.gov.in அல்லது digilocker.gov.in போல, தொடக்கத்தில் வரும் https:// போக, அடுத்த சாய்கோட்டுக்கு முன்னால் .gov.in என்று புள்ளியோடு முடிந்திருக்க வேண்டும். அரசுத் தளம் போலவே வடிவமைத்து, `tn-gov-in` என்று கோடு போட்டு, கடைசியில் வேறு எதிலாவது முடியும் முகவரி வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவோம். காசு கொடுத்து 'சீக்கிரமாக' சான்றிதழ் வாங்கியவர்கள் வீட்டிலேயே ஒருமுறை ஸ்கேன் செய்து பார்ப்பது நல்லது. ஏமாந்தது நீங்களாக இருந்தாலும், எங்கள் முன்னால் போலியைக் கொடுத்தவர் நீங்கள்தான் என்று ஆகிவிடும்.

முகவரி சரி என்றால், திரையில் வரும் பெயரும் எண்ணும் தேதியும் கையில் இருக்கும் ஆவணத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்போம். கியூஆர் உண்மையானதாக இருந்து, வேறு ஒருவரின் சான்றிதழிலிருந்து வெட்டி ஒட்டியதாக இருக்கலாம். அச்சில் ஒரு பெயர், திரையில் இன்னொரு பெயர். அதிகம் நடப்பதில்லை, ஆனால் நடந்திருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் கவுன்டரில் இருப்பவர் 'காகிதம் இல்லாமல் முடியாது' என்றால் சட்டம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். பின்னால் வரிசையில் இருநூறு பேர் நிற்கும்போது 9A விதியைக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது. கியூஆர் தெளிவாகத் தெரியும்படி லேசர் பிரிண்ட் ஒன்று எடுத்து, கீழே சுய கையொப்பம் போட்டுக் கொடுங்கள். 'இதையே ஸ்கேன் செய்து பாருங்கள் சார்' என்று சொல்லுங்கள். ஸ்கேன் செய்து பார்த்ததும் பெரும்பாலானவர்கள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். கெசட்டட் அதிகாரி கையெழுத்துக்கு அலைய வேண்டாம். சுய கையொப்பமே போதும்.

இன்னும் காகிதமாகவே இருப்பது

மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி., இன்னும் காகிதம்தான். கல்லூரி அதை வாங்கி வைத்துக்கொள்வதும் முறைதான், ஏனென்றால் அது பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போவதற்காகவே எழுதப்படுவது. ஆனால் மதிப்பெண் சான்றிதழின் அசலையும் சாதிச் சான்றிதழையும் வாங்கிப் பூட்டி வைப்பது வேறு கதை. அசலைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. வேறு கல்லூரியில் இடம் கிடைத்து மாற நினைக்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

டி.சி.யைக் கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் நல்ல ஸ்கேன் ஒன்று எடுத்து டிஜிலாக்கரின் Drive அறையில் போட்டுவையுங்கள். அசலுக்குச் சமமாகாது, உண்மைதான். ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து டி.சி. எண்ணும் தேதியும் கேட்டு ஒரு படிவம் வரும்போது, அந்த அறைக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று தெரியும். காவியாவின் டி.சி. ஸ்கேன் இப்போது அங்கேதான் இருக்கிறது, கட்டைவிரல் இல்லாமல்.